கம்பியின் எடையும் 162 என்ற எண்ணும்

வீட்டு வரைபடத்தில் கம்பி மில்லிமீட்டரிலும் மீட்டரிலும் இருக்கும். கடையில் அது கிலோவிலும் டன்னிலும் விற்கும். பொறியாளர் ‘16 மி.மீ. கம்பி 3’ என்று எழுதித் தருவார். கடைக்காரரோ ‘எத்தனை டன் வேண்டும்?’ என்று கேட்பார். ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தருவது ஒரு சிறிய சூத்திரம். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் நீளக் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். விட்டத்தை D என்று கொண்டால் சூத்திரம் D²/162. மொத்த எடை வேண்டுமானால் விடையை மீட்டர் கணக்கிலான நீளத்தால் பெருக்க வேண்டும்.

162 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு 12 மி.மீ. கம்பியைக் கொண்டே பார்த்துவிடலாம். அதன் குறுக்குவெட்டு ஒரு வட்டம். 12 ஐ 12 ஆல் பெருக்கி, அதை 0.7854 ஆல் (பை மதிப்பில் நாலில் ஒன்று) பெருக்கினால் வட்டத்தின் பரப்பு 113.1 சதுர மி.மீ. என்று வரும். ஒரு மீட்டர் நீளத்துக்கு அந்தக் கம்பியின் கன அளவு 113.1 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு 7.85 கிராம் இருக்கும் என்பது கட்டுமானத் துறையில் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. ஆக, ஒரு மீட்டர் கம்பி 888 கிராம். ஒவ்வொரு முறையும் இப்படிப் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக, மாறாத எண்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஒரே வகுக்கும் எண்ணாக்கினால் அது 162.2 ஆகிறது. பேச்சுவழக்கில் புள்ளி இரண்டை விட்டுவிட்டார்கள். அதனால் வரும் பிழை ஒரு டன்னுக்கு ஒரு கிலோ சொச்சம்தான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

விட்டம் வர்க்கமாக வருவதைத்தான் கவனிக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம். 16 மி.மீ. கம்பி அதைப்போல இரண்டு மடங்கு தடிமன், ஆனால் எடை நாலு மடங்கு: 1.58 கிலோ. இதே கணக்கு சிறிய வித்தியாசங்களிலும் வேலை செய்யும். 12 மி.மீ. என்று விற்கப்படும் கம்பி உண்மையில் 11.5 மி.மீ. இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கையில் பிடித்தாலும் தெரியாது. ஆனால் 11.5 இன் வர்க்கம் 132. 12 இன் வர்க்கம் 144. அரை மில்லிமீட்டரில் எட்டு சதவீத இரும்பு காணாமல் போகிறது.

அடிக்கடி புழங்கும் அளவுகளுக்கு மீட்டர் எடையைக் கட்டிட மேஸ்திரிகள் மனப்பாடமாகவே வைத்திருப்பார்கள்: 8 மி.மீ.க்கு 0.395 கிலோ, 10 மி.மீ.க்கு 0.617, 12 மி.மீ.க்கு 0.888, 16 மி.மீ.க்கு 1.58, 20 மி.மீ.க்கு 2.47, 25 மி.மீ.க்கு 3.85. கம்பிகள் பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகின்றன. எனவே முழுக் கம்பி ஒன்றின் எடை 8 மி.மீ.யில் 4.74 கிலோ, 12 மி.மீ.யில் 10.66 கிலோ, 16 மி.மீ.யில் 18.96 கிலோ.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் உண்டு. வேலையிடத்தில் அதே கம்பியை ‘நாற்பது அடிக் கம்பி’ என்பார்கள். 40 அடி என்பது 12.19 மீட்டர். ஒரு கம்பிக்கு 19 சென்டிமீட்டர் வித்தியாசம். 12 மி.மீ. கம்பி 100 வாங்கினால் இந்த வித்தியாசமே 17 கிலோவாகிவிடும். அடிக் கணக்கில் பழகியவர்கள் 162க்குப் பதிலாக 532 ஆல் வகுத்தால் ஓர் அடியின் எடை நேராகக் கிடைக்கும். எந்த முறையானாலும் சரி, நீளத்தை அடியில் அளந்துவிட்டு 162 ஆல் வகுத்த விடையோடு பெருக்கக் கூடாது. அப்படிச் செய்தால் கணக்கு மூன்று மடங்குக்கு மேல் வீங்கிவிடும். பெரிய பிழை என்பதால் இது உடனே தெரிந்துவிடும்; 40 அடியை 12 மீட்டர் என்று நினைக்கும் பிழைதான் கடைசிவரை தெரியாமல் ஒளிந்திருக்கும்.

சூத்திரம் எளிது. நீளத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் வேலை இருக்கிறது. ஒரு சாதாரண வீட்டின் பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு தூண்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் 4 மீட்டர். தூண்களின் அகலம் பீமின் திசையில் 230 மி.மீ. பீமின் அகலம் 230, உயரம் 400 மி.மீ. அடியில் 16 மி.மீ. கம்பி மூன்று, மேலே 12 மி.மீ. கம்பி இரண்டு, சுற்றிலும் 150 மி.மீ. இடைவெளியில் 8 மி.மீ. ரிங் என்று வரைபடம் சொல்கிறது.

அடிக் கம்பியின் நீளம் 4 மீட்டர் என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. கம்பி தூணுக்குள் போய் ஊன்றி நிற்க வேண்டும். இரண்டு தூண்களின் வெளிமுகத்துக்கு இடையே 4.46 மீட்டர் இருக்கிறது. இரண்டு பக்கமும் 40 மி.மீ. காங்கிரீட் கவர் விட்டால் 4.38 மீட்டர். தூணுக்குள் போன முனைகளை மேல்நோக்கி 300 மி.மீ. மடக்க வேண்டும் என்று வரைபடத்தில் இருப்பதாகக் கொண்டால், இரண்டு முனைக்கும் சேர்த்து 0.60 மீட்டர் கூடி 4.98 மீட்டர் ஆகும். ஆனால் கம்பி கூர்மையான மூலையாக மடங்காது, வளைந்துதான் திரும்பும்; வளைவு எப்போதும் மூலையைவிடக் குறுகலான வழி. அதற்காக ஒவ்வொரு செங்கோண மடிப்புக்கும் விட்டத்தைப்போல இரண்டு மடங்கைக் கழிப்பது வழக்கம். இரண்டு மடிப்புக்கு 64 மி.மீ. போக, ஒரு கம்பியை வெட்ட வேண்டிய நீளம் 4.92 மீட்டர். மூன்று கம்பிக்கு 14.76 மீட்டர், 1.58 ஆல் பெருக்கினால் 23.3 கிலோ.

மேல் கம்பியும் இதே மாதிரிதான். அது கீழ்நோக்கி மடங்குகிறது, மடிப்பின் நீளம் 400 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4.38 மீட்டருடன் 0.80 கூட்டி, வளைவுக்கு 48 மி.மீ. கழித்தால் 5.13 மீட்டர். இரண்டு கம்பிக்கு 10.26 மீட்டர், எடை 9.1 கிலோ. மடிப்பு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பது காங்கிரீட்டின் தரத்தையும் கம்பியின் தரத்தையும் பொறுத்தது. அதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். எடைக் கணக்குப் போடுபவர் வரைபடத்தில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதும்.

ரிங் கணக்கில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். பீமின் நாலு பக்கமும் 25 மி.மீ. கவர் விட்டால் ரிங்கின் வெளி அளவு 180க்கு 350 மி.மீ. சுற்றளவு 1,060 மி.மீ. இரண்டு கொக்கிக்கும் விட்டத்தைப்போலப் பத்து மடங்கு வீதம் 160 மி.மீ. சேர்க்க வேண்டும். மூன்று செங்கோண மடிப்புக்கு 48 மி.மீ. கழிய வேண்டும். கொக்கியில் கம்பி செங்கோணத்தையும் தாண்டி 135 பாகை திரும்புவதால் ஒவ்வொன்றுக்கும் விட்டத்தைப்போல மூன்று மடங்கு, இரண்டுக்குமாக 48 மி.மீ. கழிய வேண்டும். மிஞ்சுவது 1,124 மி.மீ. கொக்கியை மறந்து, கவரையும் விடாமல் பீமின் வெளிச் சுற்றளவையே ரிங்கின் நீளமாக எடுத்தால் 1,260 மி.மீ. வரும். ஒரு ரிங்குக்கு 13 சென்டிமீட்டர் கூடுதல் அற்பமாகத் தெரியலாம், ஆனால் ஒரு வீட்டில் ரிங்குகள் ஆயிரக்கணக்கில் வரும்.

எண்ணிக்கை 4 மீட்டரை 0.15 ஆல் வகுத்தால் 26.67. அதை 27 ஆக்கி, தொடக்கத்து ரிங்குக்கு ஒன்று கூட்டினால் 28. இடைவெளிகளை எண்ணுகிறோமா, கம்பிகளை எண்ணுகிறோமா என்ற பழைய வேலிக்கால் கணக்குதான் இது. பத்து இடைவெளிக்குப் பதினொரு கால் வேண்டும். 28 ரிங்கின் மொத்த நீளம் 31.5 மீட்டர், எடை 12.4 கிலோ. மூன்றையும் கூட்டினால் இந்த ஒரு பீமுக்கு ஏறக்குறைய 45 கிலோ கம்பி போகும்.

இதே மாதிரி எட்டு பீம் இருந்தால் 16 மி.மீ. கம்பி எவ்வளவு வாங்க வேண்டும்? சூத்திரப்படி 23.3 ஐ எட்டால் பெருக்கி 187 கிலோ என்று சொல்லிவிடலாம். கடைக்குப் போனால் அது போதாது. 12 மீட்டர் கம்பியில் 4.92 மீட்டர் துண்டு இரண்டுதான் வெட்ட முடியும், 2.16 மீட்டர் மிஞ்சும். எட்டு பீமுக்கு 24 துண்டு வேண்டுமென்றால் 12 முழுக் கம்பி வாங்க வேண்டும். அதன் எடை 227 கிலோவுக்கு மேல். நாற்பது கிலோ வித்தியாசம். ‘வேஸ்டேஜ் அஞ்சு சதவீதம்’ என்று பொதுவாகச் சேர்த்துக்கொண்டவருக்கு 196 கிலோதான் கையில் இருக்கும். கடைசி இரண்டு பீமுக்குக் கம்பி வராது. மேஸ்திரி திருடிவிட்டார் என்ற பேச்சு இப்படிப்பட்ட இடங்களில்தான் கிளம்பும். வெட்டு நீளங்களைத் தாளில் எழுதி, 12 மீட்டரில் எப்படிப் பிரிக்கலாம் என்று முன்பே பார்த்துவிட்டால் இது நேராது. மிஞ்சிய 2.16 மீட்டர் துண்டுகளை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வரைபடத்தில் எங்காவது குறுகிய 16 மி.மீ. கம்பி கேட்டிருந்தால் அங்கே அவை போய்ச் சேரும். 12 மீட்டருக்கு மேல் நீளமான பீம் என்றால் கம்பியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டும் லேப் நீளத்தையும் கணக்கில் கூட்ட வேண்டும். விட்டத்தைப்போல 50 மடங்கு என்று வரைபடம் சொன்னால் 16 மி.மீ. கம்பிக்கு ஒவ்வொரு லேப்பும் 80 சென்டிமீட்டர், அதாவது ஒன்றேகால் கிலோ.

இதுவரை பார்த்தது தாளில் போடும் கணக்கு. லாரியில் வந்து இறங்கும் கம்பி இதே எடையில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை. காரணம் எளிது: ஆலையில் உருளைகளுக்கு இடையே நசுங்கி வரும் கம்பி ஒவ்வொன்றும் துல்லியமாக ஒரே தடிமனில் வராது. உருளைகள் தேயத் தேயத் தடிமன் மாறும். அதனால் இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1786 ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மொத்தச் சரக்காக எடுத்தால் 10 மி.மீ. வரையுள்ள கம்பிகளுக்கு எடை 7 சதவீதம் கூடலாம், குறையலாம். 10க்கு மேல் 16 மி.மீ. வரை 5 சதவீதம். அதற்கு மேற்பட்ட கம்பிகளுக்கு 3 சதவீதம். தனி மாதிரித் துண்டு ஒன்றை எடுத்து நிறுத்தால் இதைவிட ஒரு சதவீதம் கூடுதலாகக் குறைய இடமுண்டு. அதாவது 12 மி.மீ. கம்பியின் ஒரு மீட்டர் துண்டு 835 கிராம் இருந்தால்கூட விதிக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே போனால் சந்தேகப்படலாம்.

சோதிப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். முனைகளைச் செங்குத்தாக வெட்டிய ஒரு மீட்டர் துண்டும், கிராம் காட்டும் எடைக்கருவியும் போதும். விதி அரை மீட்டருக்குக் குறையாத துண்டைக் கேட்கிறது. ஆனால் வேலையிடத்தில் ஒரு மீட்டராக வெட்டுவதே நல்லது: அரை மீட்டரில் 5 மி.மீ. நீளப் பிழை ஒரு சதவீத எடைப் பிழையாகிவிடும், ஒரு மீட்டரில் அது பாதியாகும். உதிரும் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு நிறுக்க வேண்டும். ஒரே கட்டிலிருந்து அல்லாமல் வெவ்வேறு கட்டுகளிலிருந்து மூன்று நான்கு துண்டு எடுத்தால்தான் உண்மை தெரியும்.

வெர்னியர் காலிப்பரை வைத்து விட்டத்தை நேராக அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். அது ஏமாற்றிவிடும். கம்பியின் மேல் வரிவரியாக மேடு இருக்கிறது. மேட்டின் மேல் வைத்தால் 12க்கு மேல் காட்டும், மேடுகளுக்கு நடுவே வைத்தால் 12க்குக் கீழே காட்டும். இரண்டும் கம்பியின் ‘12 மி.மீ.’ அல்ல. அந்தப் பெயர், இதே எடையுள்ள வழவழப்பான உருண்டைக் கம்பிக்கு என்ன விட்டம் இருந்திருக்குமோ அதைக் குறிக்கிறது. ஆகவே வரிக்கம்பியின் விட்டத்தை அறிய நேர்வழி தராசுதான். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் போதும்: ஒரு மீட்டரின் எடையை 162 ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான விட்டம் வந்துவிடும். 835 கிராம் துண்டுக்கு இது 11.6 மி.மீ.

எடை குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்பது கம்பியை எப்படி வாங்கினோம் என்பதைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பி 60 வாங்கியதாகக் கொள்வோம். சூத்திரப்படி 640 கிலோ. எடை மேடையில் 612 கிலோதான் காட்டுகிறது. நாலு சதவீதத்துக்குச் சற்று மேல் குறைவு. விதிக்குள் வரும் குறைவுதான். கம்பியை எண்ணி, சூத்திர எடைக்குப் பில் போட்டிருந்தால் வராத 28 கிலோவுக்கும் வாங்கியவர் பணம் கொடுத்திருக்கிறார். எடை மேடைச் சீட்டுக்குப் பில் போட்டிருந்தால் பணம் போகவில்லை. அறுபது கம்பியும் குறைந்த விலையில் வந்திருக்கிறது, ஆனால் கட்டிடத்துக்குள் போகும் இரும்பு பொறியாளர் எண்ணியதைவிடக் குறைவு.

எடை கூடினால் விஷயம் தலைகீழாகும். ஒரு டன் 8 மி.மீ. கம்பியில் சூத்திரப்படி 211 கம்பி இருக்க வேண்டும். அதே கம்பி விதி அனுமதிக்கும் 7 சதவீதம் கனமாக வந்தால் டன்னுக்கு 197தான் நிற்கும். பதினாலு கம்பி குறைவு, நூற்றுச் சொச்சம் ரிங் குறைவு. சரக்கும் தரமானது, தராசும் சரியானது, கணக்கும் சரியானது, ஆனாலும் ஸ்லாபுக்குக் கம்பி போதவில்லை. அதனால் டன்னில் வாங்கும்போது எடைச் சீட்டோடு கம்பியின் எண்ணிக்கையையும் எண்ணிக் குறித்துக்கொள்வது வழக்கமாக வேண்டும். இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கம்பி கனமா, லேசா என்பதை வகுத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். துண்டு வெட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆலையின் சோதனைச் சான்றிதழ் இந்த விஷயத்தில் உதவாதா? ஓரளவுக்குத்தான். கம்பியை இழுத்து முறிக்கும் சோதனையில், தாங்கிய விசையைக் கம்பியின் பரப்பால் வகுத்து வலிமை கணக்கிடப்படுகிறது. அந்தப் பரப்பு, பெயரளவு விட்டத்திலிருந்து வருவதில்லை. மாதிரித் துண்டை நிறுத்து, எடையிலிருந்து கண்டுபிடித்த உண்மைப் பரப்பு. மெலிந்த கம்பி குறைந்த விசையைத் தாங்கும், அதை வகுக்கும் பரப்பும் குறைவாக இருக்கும். ஆகவே வலிமை எண் குறையாமலே வரும். ‘500’ என்ற தரக் குறியீட்டுக்கு அந்தக் கம்பி தேறிவிடும். ஆனால் பொறியாளர் பீமைக் கணக்கிட்டபோது ஒவ்வொரு 12 மி.மீ. கம்பிக்கும் 113 சதுர மி.மீ. பரப்பு உண்டென்றுதான் எடுத்துக்கொண்டார். எடை ஆறு சதவீதம் குறைந்த கம்பி ஆறு சதவீதம் குறைந்த இழுவிசையைத்தான் தாங்கும். சான்றிதழில் வலிமை எண்ணை மட்டும் பார்ப்பவர் இதைத் தவறவிடுவார். மீட்டர் எடை என்ற வரியையும் பார்க்க வேண்டும்.

சூத்திரம் சொல்லாமல் விடுபவை இன்னும் சில உண்டு. கம்பிகளைப் பிணைக்கும் கட்டுக்கம்பி இந்தக் கணக்கில் வராது. டன்னுக்கு 8 முதல் 10 கிலோ வரை தனியாக வாங்குவது வழக்கம். ஸ்லாபில் மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் நாற்காலிக் கம்பிகளை வரைபடத்தில் பெரும்பாலும் காட்டமாட்டார்கள், ஆனால் அவையும் இரும்புதான். பிறகு, 162 என்பது சாதாரண இரும்புக்கு மட்டுமே பொருந்தும் எண். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி அதே தடிமனில் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதல் எடையிருக்கும். இப்போது கடற்கரை வேலைகளுக்குப் பேசப்படும் கண்ணாடி இழைக் கம்பியோ இரும்பின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான், 12 மி.மீ. இழைக் கம்பியின் ஒரு மீட்டர் 220 கிராம் அளவில் நிற்கும்.